புகாருக்கு ஸ்கிரீன்ஷாட்: முகவரியும் நேரமும் ஏன் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்

2025 ஜூலை 3, வியாழக்கிழமை இரவு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு அவருடைய பழைய மாணவர் போன் செய்தார். "டீச்சர், மெசெஞ்சர்ல பணம் கேட்டிருந்தீங்களே, அனுப்பிட்டேன். வந்துச்சா?" டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்கப்பா கேட்டேன்? எனக்கு மெசெஞ்சரே சரியா பார்க்கத் தெரியாதே." அவர் பெயரிலும் படத்திலும் யாரோ ஒரு போலி ஃபேஸ்புக் கணக்கு தொடங்கி, அவருடைய மாணவர்களிடம் மருத்துவச் செலவு என்று சொல்லிப் பணம் கேட்டிருந்தார்கள். அந்த மாணவர் 8,000 ரூபாய் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை டீச்சர் என்னிடம் வந்தார். கணினி மையம் வைத்திருப்பதோடு, இப்படிப்பட்ட புகார்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் என் வேலை. கையில் ஏழு ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஏழிலும் அவருடைய முகம், அவருடைய பெயர், பணம் கேட்ட வரிகள். ஒன்றில் சிவப்பு வட்டம்கூடப் போட்டிருந்தார்கள். ஆனால் ஏழில் ஒன்றில்கூட அந்தப் போலிக் கணக்கின் முகவரி இல்லை. ஓரிரு படங்களின் மேல் மூலையில் 9:42 என்று மணி இருந்தது. எந்தத் தேதியின் 9:42 என்பது இல்லை. "சரி, இப்போ அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்போம்" என்றேன். அது போய்விட்டிருந்தது. முந்தின இரவே மாணவர்கள் நாற்பது பேர் சேர்ந்து ரிப்போர்ட் அடித்து அதை எடுக்க வைத்துவிட்டார்கள். நல்ல மனதோடு செய்தது. ஆனால் ஆளைத் தேடுவதற்கு இருந்த ஒரே நூலும் அதோடு அறுந்துபோனதுபோல இருந்தது.

காவல் நிலையத்தில் அந்த ஏழு தாள்களையும் வாங்கிப் பார்த்த எழுத்தர் கேட்ட முதல் கேள்வி, "லிங்க் எங்கம்மா?"

படம் எதற்கு, முகவரி எதற்கு

அந்தக் கேள்வி அலட்சியத்தில் வந்ததில்லை. போலிக் கணக்கை நடத்தியவர் யார் என்பது படத்தில் இல்லை. கணக்கைத் தொடங்கும்போது கொடுத்த போன் எண், மின்னஞ்சல், எந்த ஐபி முகவரியிலிருந்து உள்ளே வந்தார் என்கிற பதிவு, இவையெல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. காவல்துறை அவற்றை நிறுவனத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்கும்போது "இந்தப் பெயரில், இந்த முகத்தோடு ஒரு கணக்கு இருந்தது" என்று எழுதினால் பதில் வராது. அதே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். கணக்கின் இணைய முகவரியான யூஆர்எல், அல்லது பயனர் பெயர், அல்லது அதன் அடையாள எண், அல்லது கணக்கோடு இணைந்த மின்னஞ்சல் அல்லது போன் எண் வேண்டும். போலிக் கணக்கின் விஷயத்தில் கடைசி இரண்டும் நமக்குத் தெரியாது. ஆக முகவரி ஒன்றுதான் நம் கையில் கிடைக்கக்கூடியது.

கணக்கு நீக்கப்பட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, புகாரால் நீக்கப்பட்ட உள்ளடக்கத்தையும் அது சார்ந்த பதிவுகளையும் 180 நாட்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். ஒருவர் கணக்கை மூடிவிட்டுப் போனாலும் அவர் பதிவுசெய்தபோது கொடுத்த விவரங்களை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். முகவரி கையில் இருந்தால் கணக்கு மறைந்த பிறகும் காவல்துறை அந்தப் பதிவைக் கேட்க முடியும். முகவரி இல்லையென்றால் பதிவு சர்வரில் பத்திரமாக இருந்தும் நமக்குப் பயனில்லை.

இதனால்தான் ஸ்கிரீன்ஷாட்டை நான் ஒரு விலாசச் சீட்டாகப் பார்க்கிறேன். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருடைய திரையில் இது தெரிந்தது என்று சொல்லி, சர்வரில் இருக்கும் உண்மையான பதிவுக்கு வழிகாட்டுவதுதான் அதன் வேலை. வெறும் படமாக மட்டும் வைத்தால் அது மிகப் பலவீனமான சான்று. ஏன் என்று ஒரு நிமிடத்தில் காட்டிவிடலாம்: கணினியில் எந்தப் பக்கத்தையும் திறந்து, ஒரு வரியின் மேல் வலது பொத்தானை அழுத்தி `Inspect` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த வரியை நாம் விரும்பியபடி மாற்றி எழுதலாம். 500 ரூபாய் 50,000 ஆகிவிடும். சர்வரில் எதுவும் மாறாது. நம் திரையில் மட்டும் மாறும். அதைப் படம் பிடித்தால் அசல்போலவே இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இது தெரியும். "இது ஜோடித்த படம்" என்று அவர் சொல்லும்போது, படத்தில் இருக்கும் முகவரியை வைத்து நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட முடிந்தால் மட்டுமே அந்த வாதம் விழும்.

முதல் தடவை தப்பிய இழை

டீச்சரின் முதல் புகாரில் முற்றிலும் கைவிரிக்க வேண்டிவரவில்லை. பணம் அனுப்பிய மாணவரின் மெசெஞ்சரில் உரையாடல் அழியாமல் இருந்தது. எதிராளியின் பெயர் இருந்த இடத்தில் இப்போது பெயரில்லாத வெறும் பயனர் என்று வந்தது, அவ்வளவுதான். அவரைக் கணினி பிரவுசரில் அந்த உரையாடலைத் திறக்கச் சொன்னோம். மேலே முகவரிப் பட்டையில் இப்படி ஒரு வடிவம் தெரிந்தது:

```
https://www.facebook.com/messages/t/6155XXXXXXXXXX
```

அந்தக் கடைசி எண்தான் எதிராளிக் கணக்கின் அடையாள எண். எல்லா உரையாடலிலும் இது கிடைத்துவிடாது. முகவரியின் நடுவில் `e2ee` என்று வந்தால் அது இருமுனைக் குறியாக்கம் கொண்ட உரையாடல். அங்கே தெரியும் எண் உரையாடலுடையதாக இருக்கலாம், ஆளுடையதாக இருக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அன்று அதிர்ஷ்டம் இருந்தது. பணம் போனதற்கு, இணையப் பண மோசடிக்கான 1930 உதவி எண்ணில் புகார் பதிவுசெய்தோம். அங்கே எந்த ஸ்கிரீன்ஷாட்டும் முதலில் கேட்பதில்லை. எந்த வங்கிக் கணக்கிலிருந்து போனது, எவ்வளவு, யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் என்ன என்பதைத்தான் கேட்கிறார்கள். பணம் போயிருந்தால் இந்த அழைப்புதான் முதல் வேலை. ஸ்கிரீன்ஷாட்டைச் செம்மையாக எடுப்பதற்காக அதை அரை மணிநேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் ஜூலை 9, புதன்கிழமை இரவு அதே படத்தோடு, அதே பெயரோடு இரண்டாவது கணக்கு வந்தது. இந்தத் தடவை யாரும் ரிப்போர்ட் அடிக்கும் முன்பு எனக்குத் தகவல் வந்துவிட்டது. அன்றிரவு நாங்கள் செய்ததைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

யாருடைய திரையில்

முதல் சிக்கல், டீச்சரின் போனில் அந்தக் கணக்கே தெரியவில்லை. "எனக்கு ஒண்ணும் காட்டலையே தம்பி, நெஜமாவே இருக்கா?" என்று கேட்டார். போலிக் கணக்கு தொடங்குபவர்கள் முதலில் செய்யும் காரியம், அசல் ஆளை பிளாக் செய்வது. அதனால் பாதிக்கப்பட்டவரே தன் கண்ணால் பார்க்க முடிவதில்லை. மாணவர் ஒருவரை மையத்துக்கு வரச்சொல்லி, அவருடைய கணக்கில் நுழைந்து, அவருடைய மடிக்கணினியிலேயே எடுத்தோம்.

இதில் ஒரு சட்ட விஷயம் ஒளிந்திருக்கிறது. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கும்போது அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆவது பிரிவு. சான்றிதழின் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. 'ஏ' பகுதியை அந்தக் கருவி யாருடைய பொறுப்பில் இருந்ததோ அவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும், 'பி' பகுதியை நிபுணர் ஒருவர் நிரப்ப வேண்டும். ஆக, படத்தை எடுத்தது மாணவரின் கருவி என்றால் கையெழுத்துப் போட வேண்டியவரும் மாணவர்தான், டீச்சர் இல்லை. வாட்ஸ்அப்பில் யார் யாரோ அனுப்பிய படங்களைச் சேர்த்து "என்னுடைய சான்றுகள்" என்று கொடுப்பவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தப் படத்தை எடுத்தது யார் என்று கேட்டால் ஆளே இருக்க மாட்டார். புகார் கொடுக்கும் கட்டத்தில் இந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் பின்னால் யார் கையெழுத்திடுவார் என்பது படம் எடுக்கும் அந்த நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. எடுத்தவருடைய சம்மதத்தையும் பெயரையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

முகவரியை முழுதாகப் பிடிப்பது

போன் செயலியில் முகவரிப் பட்டையே கிடையாது. போன் பிரவுசரில் பட்டை இருந்தாலும் நீளமான முகவரியை வெட்டிவிடும். அதனால் முடிந்தவரை கணினியில் எடுக்க வேண்டும். கணினி குரோமிலும் தொடக்கத்தில் வரும் `https://www.` பகுதி மறைந்தே இருக்கும். முகவரிப் பட்டையில் வலது பொத்தானை அழுத்தி `Always show full URLs` என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழு முகவரியும் தெரியும்.

போலிக் கணக்கின் முகப்புப் பக்கம் திறந்ததும் பட்டையில் இப்படி இருந்தது:

```
https://www.facebook.com/profile.php?id=6155XXXXXXXXXX
```

எண்ணோடு வந்தது நல்லது. சில கணக்குகளில் எண்ணுக்குப் பதில் பயனர் பெயர் இருக்கும். பயனர் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இரவு பிடித்த முகவரி காலையில் வேறு யாரையாவது காட்டலாம், அல்லது எதையும் காட்டாமல் போகலாம். எண் மாறுவதில்லை. இன்ஸ்டாகிராமில் முகவரியில் எண் வருவதே இல்லை, பயனர் பெயர்தான். அங்கே கணக்கின் மூன்று புள்ளிகளை அழுத்தி `About this account` பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்; கணக்கு எப்போது தொடங்கப்பட்டது என்பது அதில் இருக்கும்.

செயலியில் இருந்து `Copy link` அழுத்தி எடுக்கும் இணைப்பை அப்படியே மனுவில் ஒட்டாதீர்கள். `facebook.com/share/` என்று தொடங்கும் இணைப்பு வந்தால், அது பகிர்வதற்காக உண்டாக்கப்பட்ட வழிமாற்று. பிரவுசரில் ஒட்டி, பக்கம் முழுதாகத் திறந்து நின்ற பிறகு பட்டையில் எது இருக்கிறதோ அதுதான் வேண்டும். ஒரு குறிப்பிட்ட பதிவைப் பற்றிய புகார் என்றால் கணக்கின் முகவரி போதாது, அந்தப் பதிவின் தனி முகவரி வேண்டும். பதிவின் மேலே, பெயருக்குக் கீழே இருக்கும் நேரத்தை அழுத்தினால் பதிவு தனிப் பக்கமாகத் திறக்கும். யூடியூபில் ஒரு கருத்துக்கும் இப்படித்தான். கருத்தின் பக்கத்தில் இருக்கும் நேரத்தை அழுத்தினால் முகவரியின் முடிவில் `lc=` என்று ஒரு பகுதி சேரும், அது அந்த ஒரு கருத்தின் அடையாளம்.

எக்ஸ் தளத்தில் பதிவின் எண்ணுக்குள்ளேயே அது எழுதப்பட்ட நேரம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பதிவு எண்ணை 22 பிட் வலப்பக்கம் நகர்த்தி, ஒரு நிலையான எண்ணைக் கூட்டினால், 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய மில்லிவிநாடிக் கணக்கில் நேரம் வந்துவிடும்:

```
(1800000000000000000 >> 22) + 1288834974657
```

இந்த எடுத்துக்காட்டு எண்ணுக்கு விடை 2024 ஜூன் 10, இந்திய நேரம் காலை 8:30:17. பதிவை அழித்தாலும், யாரோ பிடித்த படத்தில் அந்த முகவரி முழுதாக இருந்தால், படத்தில் சொல்லப்பட்ட நேரம் அதோடு ஒத்துப்போகிறதா என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எந்த நேரம், எந்த ஊர் நேரம்

ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டு நேரங்கள் வேண்டும்: அவர்கள் எழுதிய நேரம், நாம் பிடித்த நேரம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால் மனுக்களில் நிறையத் தவறு வருகிறது. "2h" என்று பதிவில் பெயருக்குக் கீழே இருப்பது பார்க்கும் நொடியிலிருந்து பின்னோக்கிய கணக்கு. பிடித்த நேரம் படத்தில் இல்லையென்றால் அந்த இரண்டு மணிநேரத்துக்குப் பொருளே இல்லை. கணினியில் அந்த "2h" மேல் சுட்டியைக் கொண்டுபோய் அசையாமல் வைத்தால் கிழமை, தேதி, மணி எல்லாம் ஒரு சிறு பெட்டியில் விரியும். அது விரிந்திருக்கும்போதே `Windows + PrtScn` அழுத்த வேண்டும். `Windows + Shift + S` வேண்டாம், அதை அழுத்தினால் பல நேரம் அந்தப் பெட்டி மறைந்துவிடும், தவிர நாம் சதுரம் போட்டு வெட்டும்போது கீழே இருக்கும் கடிகாரமும் மேலே இருக்கும் முகவரியும் வெளியே நின்றுவிடும். முழுத்திரை எடுத்தால் மேலே முகவரி, நடுவே விஷயம், கீழ் வலது மூலையில் கணினியின் மணியும் தேதியும் ஒரே படத்தில் வந்துவிடும். கீழ்ப் பட்டை தானாக மறையும்படி வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கணினிக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பதையும் எடுக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மையத்துக்கு வரும் பழைய கணினிகளில் தேதி பல வருடம் பின்தங்கி இருந்ததை நானே பார்த்திருக்கிறேன், பேட்டரி தீர்ந்திருக்கும்.

போன்தான் இருக்கிறது என்றால் வேறு வழி. போனின் மேல் பட்டையில் மணி மட்டுமே இருக்கும், பெரும்பாலும் தேதி இருக்காது. அறிவிப்புத் திரையை இழுத்தால் தேதி தெரியும், ஆனால் அது பக்கத்தை மூடிவிடும். அப்போது திரைப்பதிவு வீடியோதான் நல்லது. பதிவைத் தொடங்கி, அறிவிப்புத் திரையை இழுத்துத் தேதியைக் காட்டி, பிரவுசரைத் திறந்து, முகவரியின் மேல் விரல் வைத்து முழுதாக நகர்த்திக் காட்டி, பிறகு பக்கத்தை மெல்ல உருட்ட வேண்டும். வெட்டாத ஒரே பதிவாக இருக்க வேண்டும். தொடங்கும் முன் `Do Not Disturb` போட்டுவிடுங்கள். வங்கி ஓடிபியும் வீட்டுச் செய்திகளும் நடுவில் வந்து குதித்து, அந்த வீடியோவையே கொடுக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

அன்றிரவு இன்னொரு குழப்பமும் வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மாணவர் ஒருவருக்கும் அந்தப் போலிக் கணக்கிலிருந்து செய்தி போயிருந்தது. அவரும் முழுத்திரைப் படம் அனுப்பினார், மிக ஒழுங்காக. ஆனால் அவருடைய படத்தில் ஜூலை 10, நள்ளிரவு 12:12. மையத்தில் நாங்கள் எடுத்த படத்தில் ஜூலை 9, இரவு 9:42. பார்த்த டீச்சர் பதறிவிட்டார். "நாளைக்குத் தேதி போட்டிருக்கே தம்பி, இதைக் கொடுத்தா நம்ம மேலயே சந்தேகப்படுவாங்களே." இரண்டும் ஒரே நொடி. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணிநேரம் முன்னால் ஓடுகிறது. தளங்கள் நேரத்தைப் பார்ப்பவரின் கருவிக்கு ஏற்ப மாற்றிக் காட்டுகின்றன, அதனால் பதிவின் நேரமும்கூட இரண்டு படங்களில் இரண்டு விதமாகத் தெரியும். படத்தைத் திருத்தக் கூடாது. மனுவில் அந்தப் படத்துக்கு எதிரே "சிங்கப்பூர் நேரம், இந்திய நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் கூடுதல்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பக்கத்தைப் பிடிஎஃப் ஆகவும் எடுத்துவைப்பது என் வழக்கம். குரோமில் `Ctrl + P`, சேமிக்கும் இடமாக `Save as PDF`, பிறகு `More settings` உள்ளே `Headers and footers` என்பதில் குறியிட வேண்டும். அப்போது ஒவ்வொரு தாளின் மேலும் எடுத்த தேதியும் மணியும் பக்கத்தின் தலைப்பும், கீழே முழு முகவரியும் தாள் எண்ணும் தானாக அச்சாகும். ஃபேஸ்புக் பக்கம் இதில் அலங்கோலமாகத்தான் வரும். பொருள் விற்கும் தளங்கள், செய்திப் பக்கங்கள், மோசடி விளம்பரப் பக்கங்கள் நன்றாக வரும். கவனிக்க வேண்டியது தேதியின் வடிவம். மாணவரின் மடிக்கணினியில் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்ததால் தாளின் தலையில் 7/9/25 என்று அச்சானது. நம் ஊரில் யார் படித்தாலும் செப்டம்பர் 7 என்றுதான் படிப்பார்கள்; ஜூலையில் கொடுக்கும் மனுவில் இன்னும் வராத ஒரு தேதி! மொழியை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றி மறுபடி எடுத்தோம். முதலில் எடுத்ததையும் அழிக்கவில்லை.

பொதுவில் எல்லோருக்கும் திறந்திருக்கும் பக்கம் என்றால் இன்னொரு துணை இருக்கிறது. `web.archive.org/save` பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் மூன்றாம் நபர் ஒருவரின் சர்வர் அந்தப் பக்கத்தை எடுத்துவைத்துக்கொள்ளும். கிடைக்கும் முகவரியில் 14 இலக்கங்கள் இருக்கும். 20250709161205 என்றால் 2025 ஜூலை 9, 16:12:05. அது கிரீன்விச் நேரம், ஐந்தரை மணிநேரம் கூட்டினால் நமக்கு இரவு 9:42:05. நம் கணினிக் கடிகாரத்தை யாரும் சந்தேகப்படலாம். இந்த எண்ணை நாம் மாற்றியிருக்க முடியாது. ஆனால் உள்நுழைந்தால் மட்டுமே தெரியும் பக்கங்களை அதனால் எடுக்க முடியாது என்பதால், டீச்சரின் புகாரில் இது உதவவில்லை.

எடுத்த பிறகு கோப்புக்கு என்ன நேர்கிறது

மாணவர் படங்களை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும், கோப்பின் பெயரை மாற்றும். அசல் ஸ்கிரீன்ஷாட் பெயர் போய், IMG என்று தொடங்கும் வேறு பெயர் வரும். சின்ன எழுத்தில் இருக்கும் முகவரியின் எண்கள் மங்கி 6-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். டாக்குமென்ட் ஆக அனுப்பலாம், பென்டிரைவில் கொடுக்கலாம், மின்னஞ்சலில் இணைக்கலாம். மின்னஞ்சல் இன்னும் நல்லது, எந்த நேரத்தில் அது அனுப்பப்பட்டது என்பதற்கு அஞ்சல் சர்வரின் பதிவும் சேர்ந்துகொள்கிறது.

சுருக்கப்பட்டால் இழப்பது தெளிவு மட்டுமில்லை. 63ஆவது பிரிவின் சான்றிதழ்ப் படிவம் கோப்பின் ஹேஷ் மதிப்பைக் கேட்கிறது. ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முற்றிலும் வேறு எழுத்துக்கோவை வந்துவிடும். விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை:

```
certutil -hashfile 01.png SHA256
```

கட்டளைத் திரையில் இதைத் தட்டினால் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கோவை வரும். எடுத்த அன்றே அதை எழுதிவைத்தால், ஒரு வருடம் கழித்து அதே கோப்பில் மறுபடி கணக்கிட்டு, அன்றிலிருந்து யாரும் கைவைக்கவில்லை என்று காட்டலாம். அதனால் வட்டம் போடுவது, அம்புக்குறி வரைவது, மற்றவர்களின் முகத்தை மறைப்பது எதுவாக இருந்தாலும் நகலில் செய்யுங்கள். அசல் கோப்பைத் தனிக் கோப்புறையில் வைத்து மறந்துவிடுங்கள். எடுத்த கருவியையும் வழக்கு முடியும் வரை ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள். தேவைப்பட்டால் அதையே ஆய்வுக்குக் கேட்பார்கள்.

உரையாடலை எடுக்கும்போது ஒரு படத்தின் கடைசிச் செய்தி அடுத்த படத்தின் முதல் செய்தியாக இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எடுத்தோம். நடுவில் எதையும் விட்டுவிடவில்லை என்பது அப்போதுதான் தெரியும். மாணவர் கோபத்தில் அந்த ஆளைத் திட்டி எழுதிய இரண்டு வரிகளும் அதில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு எடுக்கலாமா என்று கேட்டார். கூடாது. வெட்டப்பட்ட உரையாடலைவிட, திட்டு உள்ள முழு உரையாடலுக்கு மதிப்பு அதிகம்.

எல்லாம் எடுத்து முடித்து, கோப்புகள் இரண்டு இடங்களில் ஏறிய பிறகுதான் "இப்போ ரிப்போர்ட் பண்ணுங்க" என்று மாணவர் குழுவுக்குச் சொன்னோம். அதுவரை அந்த ஆளுக்கு "போலீசுக்குப் போறோம்" என்று யாரும் எழுதவும் விடவில்லை. மொத்தம் இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

மனுவில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பத்தி எழுதினேன். முதல் படத்துக்கு எழுதியது இது: "படம் 1. 09.07.2025 புதன்கிழமை இரவு 9.42 மணிக்கு, இந்திய நேரம், என் முன்னாள் மாணவர் தம் மடிக்கணினியில், தம் ஃபேஸ்புக் கணக்கின் வழியாகத் திறந்து எடுத்தது. என் பெயரையும் படத்தையும் கொண்ட இந்தக் கணக்கு என்னுடையது அல்ல. என்னுடைய கணக்கின் முகவரி மனுவின் 2ஆம் பக்கத்தில் உள்ளது." கடைசி வாக்கியம் முக்கியம். அசல் எது, போலி எது என்று இரண்டு முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுக்காவிட்டால், அவசரத்தில் அசல் கணக்கையே முடக்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது.

முகவரியைப் படத்தில் மட்டும் விடாமல் எழுத்தாகவும் கொடுத்தோம். `cybercrime.gov.in` தளத்தில் புகார் பதியும்போது முகவரியை ஒட்ட முடியும். ஆனால் நிலையத்தில் தாளாகக் கொடுத்தால் யாரோ ஒருவர் அந்தப் பதினான்கு இலக்க எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும். முதல் புகாரில் அப்படித் தட்டும்போது நடுவில் ஓர் இலக்கம் விட்டுப்போனதை ரசீதைச் சரிபார்த்தபோதுதான் கண்டோம். இரண்டாவது தடவை எண்ணைப் பெரிய எழுத்தில், நந்நான்காகப் பிரித்துத் தாளில் ஒரு தடவையும், சேர்த்து ஒரு தடவையும் அச்சிட்டு, அதே முகவரியை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வைத்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். எழுத்தர் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினார். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரசீதில் இருந்த எண்ணைத் தாளில் இருந்த எண்ணோடு விரல் வைத்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.